லிமிட் 50 லட்சம், கைக்கு வந்தது 32 லட்சம்: சி.சி. கடன் வாங்கும் சிறு உற்பத்தியாளருக்கு

2024 ஜூலை 12-ஆம் தேதி, பேப்பர் டீலருக்குக் கொடுத்திருந்த 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் செக் திரும்பி வந்தது. காரணம் என்று மெமோவில் போட்டிருந்தது ‘எக்ஸீட்ஸ் அரேஞ்ச்மெண்ட்’. என் கேஷ் கிரெடிட், அதாவது சி.சி. கணக்கின் லிமிட் 50 லட்சம். அன்றைக்கு நான் எடுத்திருந்தது 36 லட்சத்து 40 ஆயிரம். இன்னும் பதிமூன்று லட்சத்துக்கு மேல் மிச்சம் இருக்கிறதே, செக் ஏன் திரும்பியது என்று பேங்குக்கு ஓடினேன்.

புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டி தயாரிக்கும் சின்ன யூனிட் என்னுடையது. கிராஃப்ட் பேப்பர் ரீல் வாங்கி, கொரகேட் பண்ணி, ஒட்டி, பிரிண்ட் போட்டு, ஸ்டிச்சிங் அடித்துப் பெட்டியாகக் கொடுப்போம். அந்த வருடம் மார்ச்சில்தான் முதன்முதலாக ஒர்க்கிங் கேப்பிட்டல் கடன் வாங்கியிருந்தேன். கடன் கிடைப்பதற்கு அலைந்த அலைச்சலில், கிடைத்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. உங்களுக்கு இந்த நிலை வர வேண்டாம் என்றுதான் நான் பட்டதை வரிசையாக எழுதுகிறேன். நான் சொல்லும் சதவீதங்கள் என் சாங்ஷன் லெட்டரில், அதாவது வங்கியின் கடன் அனுமதிக் கடிதத்தில் இருந்தவை. உங்கள் கடிதத்தில் வேறாக இருக்கலாம், கணக்குப் போடும் விதம் மாறாது.

1. சாங்ஷன் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் இந்த இடங்களைத் தேடுங்கள்

ஏழெட்டுப் பக்கம் இருக்கும். எல்லோரும் முதல் பக்கத்தில் லிமிட்டையும் வட்டியையும் பார்த்துவிட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன்.

லிமிட் எப்படி வந்தது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். சிறு யூனிட்டுகளுக்கு 5 கோடி ரூபாய் வரையான லிமிட்டுக்கு நாயக் கமிட்டி சொன்ன முறையைத்தான் வங்கிகள் பெரும்பாலும் பின்பற்றுகின்றன. வரும் வருடம் எவ்வளவு விற்பீர்கள் என்று நீங்கள் காட்டும் தொகையில் 20 சதவீதம் வங்கி தரும், 5 சதவீதம் உங்கள் கைக்காசு. நான் இரண்டரைக் கோடி காட்டினேன், 50 லட்சம் வந்தது. அது உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் ஒவ்வொரு மாதமும் எவ்வளவு எடுக்கலாம் என்பதை முடிவு செய்வது ‘டிராயிங் பவர்’. பேங்கில் சுருக்கமாக டி.பி. என்பார்கள்.

அந்த டி.பி.யைத் தீர்மானிப்பது ‘மார்ஜின்’ என்ற வரி. என் கடிதத்தில் ஸ்டாக்குக்கு 25 சதவீதம், பாக்கி வர வேண்டிய பில்களுக்கு 40 சதவீதம், பில்கள் 90 நாளுக்கு உட்பட்டவையாக இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. நூறு ரூபாய் ஸ்டாக் இருந்தால் வங்கி 75 தரும், நூறு ரூபாய் பில்லுக்கு 60 தரும் என்று அர்த்தம். பேரம் பேச முடிகிற இடம் இதுதான். வட்டியில் கால் சதவீதம் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டுவதைவிட, பில் மார்ஜினை 40-லிருந்து 30 ஆக்கச் சொல்லிக் கேட்டிருந்தால் எனக்கு அதிகம் உதவியிருக்கும். 90 நாள் என்பது பில் தேதியிலிருந்தா, பணம் வர வேண்டிய தேதியிலிருந்தா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எனக்குப் பில் தேதியிலிருந்து.

அடுத்து, ஸ்டாக் எந்த முகவரியில் இருக்க வேண்டும் என்ற வரி. என்னிடம் வில்லியனூர் பக்கம் ஒரு வாடகை கோடவுன் இருந்தது. கடிதத்தில் தட்டாஞ்சாவடி ஷெட் மட்டும்தான். எழுதிக் கொடுத்துச் சேர்க்கும் வரை கோடவுன் பேப்பரை ஸ்டாக்காக எடுத்துக்கொள்ளவில்லை.

விற்பனைப் பணம் முழுவதும் சி.சி. கணக்கு வழியாக வர வேண்டும், சி.சி. பணத்தில் மெஷின் வாங்கக் கூடாது, மச்சான் மாமனார் கொடுத்த கைமாற்றைக் கடன் முடியும் வரை திருப்பிக் கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனைகளும் இருக்கும். கடைசியாகச் சொன்னதை வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

செலவைப் பொறுத்தவரை, ப்ராசஸிங் கட்டணம் எனக்கு 17,500 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 20,650. இதற்கு மேல் பத்திர முத்திரைக் கட்டணம், ஆடிட்டர் சர்டிபிகேட், ஸ்டாக் இன்சூரன்ஸ் பிரீமியம். சொத்து அடமானம் இல்லாமல் சிறு தொழில் கடன்களுக்கான சி.ஜி.டி.எம்.எஸ்.இ. உத்தரவாத நிதியின் பேரில் வாங்கினால் அதற்கு வருடா வருடம் தனிக் கட்டணம் உண்டு, கணக்கில் தானாகக் கழியும். பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் 30 நாளுக்குள் கம்பெனிப் பதிவாளரிடம் CHG-1 படிவத்தில் சார்ஜ், அதாவது கம்பெனிச் சொத்தின் மேல் வங்கிக்கு உள்ள உரிமையைப் பதிய வேண்டும். அதை உங்கள் ஆடிட்டர் மறக்காமல் இருக்கிறாரா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

2. டி.பி.யைப் பேங்க் போடும் முன் நீங்களே போட்டுப் பாருங்கள்

இனி என் கதைக்கு வருகிறேன். சாங்ஷன் ஆனபோது மார்ச் 31 கணக்கை வைத்து 38 லட்சம் டி.பி. போட்டிருந்தார்கள். அதை நான் கவனிக்கவே இல்லை. கையில் உள்ள சரக்கையும் வர வேண்டிய பாக்கியையும் மாதா மாதம் வங்கிக்கு எழுதிக் கொடுப்பதுதான் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட். ஏப்ரல், மே இரண்டு மாதமும் அதை நான் கொடுக்கவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஜூலை முதல் வாரம் பேங்கிலிருந்து போன் வந்தது. ஜூன் 30 ஸ்டேட்மெண்டை அவசர அவசரமாகத் தயார் பண்ணி 9-ஆம் தேதி கொடுத்தேன்.

நான் போட்ட கணக்கு ரொம்ப எளிது. ஸ்டாக் 34 லட்சம், அதில் முக்கால் பங்கு 25.50. வர வேண்டிய பாக்கி 42 லட்சம், அதில் 60 சதவீதம் 25.20. மொத்தம் 50.70 லட்சம். அதாவது முழு லிமிட்டையும் எடுக்கலாம் என்று நினைத்தேன்.

கடன் பிரிவு அதிகாரி என் தாளைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “சார், இந்த ரீலுக்கெல்லாம் காசு கொடுத்தாச்சா?”

பாதிக்கு மேல் கொடுத்திருந்தேன், மீதி 45 நாள் தவணையில் நின்றது. அங்கே தொடங்கி அவர் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தார்.

முதலில் ஸ்டாக். 34 லட்சத்தில் ஒன்றரை லட்சத்துக்குப் பழைய பிரிண்ட் போட்ட பெட்டிகள். வாடிக்கையாளர் லேபிள் டிசைனை மாற்றியதால் கிடப்பில் போனவை. அவற்றை இனி யாரும் வாங்கப் போவதில்லை, அதனால் கழித்தார். இன்னொரு ஒன்றரை லட்சம், ஜாப் ஒர்க்குக்காக வாடிக்கையாளரே அனுப்பிய பேப்பர். என் ஷெட்டில் இருந்தாலும் என் சொத்து இல்லை, அதையும் கழித்தார். மிச்சம் 31 லட்சம்.

அதிலிருந்து பேப்பர் டீலர்களுக்கு நான் தர வேண்டிய 13 லட்சம் போனது. நான் காசு கொடுக்காத சரக்குக்கு டீலர் ஏற்கெனவே கடன் கொடுத்திருக்கிறார், அதே சரக்குக்கு வங்கியும் கொடுத்தால் ஒரே ரீலுக்கு இரண்டு கடன் ஆகிவிடும். காசு கொடுத்த ஸ்டாக் 18 லட்சம். 25 சதவீத மார்ஜின் போக 13.50 லட்சம்.

அடுத்து பாக்கி. 42 லட்சத்தில் 9 லட்சம் 90 நாள் தாண்டியது. 2 லட்சம் என் தம்பியின் கம்பெனி தர வேண்டியது, குடும்பக் கம்பெனி பாக்கியைச் சேர்ப்பதில்லை. மிச்சம் 31 லட்சம். 40 சதவீதம் போக 18.60 லட்சம்.

13.50-ம் 18.60-ம் சேர்ந்து 32.10 லட்சம். 11-ஆம் தேதி அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். அந்த நிமிடமே நான் 4 லட்சத்து 30 ஆயிரம் அதிகமாக எடுத்தவனாகிவிட்டேன். மறுநாள் செக் திரும்பியது.

அந்த அதிகத் தொகைக்கு அபராதம் பெரிதாக ஒன்றும் இல்லை. என் கடிதப்படி வருடத்துக்கு 2 சதவீதம், ஒரு மாதத்துக்கு எழுநூறு ரூபாய்ச் சொச்சம். செக் திரும்பியதுதான் பெரிய விஷயம். கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால் மட்டும்தான் செக் வழக்குக்கான 138-ஆவது பிரிவு என்று பலர் நினைக்கிறார்கள். வங்கியோடு ஏற்பாடு செய்த தொகையை மீறித் திரும்பினாலும் அதே பிரிவுதான். டீலர் பத்து வருடப் பழக்கம் என்பதால் நோட்டீஸ் அனுப்பாமல் போனில் நாலு வார்த்தை கேட்டதோடு விட்டார்.

3. எந்தப் பணம் வந்தால் எவ்வளவு இடம் கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சிக்கலில் மாட்டிய பிறகு ஒரு நாள் ராத்திரி தாளில் போட்டுப் பார்த்துத்தான் புரிந்தது. டி.பி.க்கும் நீங்கள் எடுத்த தொகைக்கும் உள்ள வித்தியாசத்தை ‘இடம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

60 நாள் ஆன பில்லுக்கு ஒரு லட்சம் வந்தால் கணக்கில் ஒரு லட்சம் குறையும். ஆனால் அந்தப் பில்லுக்காக வங்கி கொடுத்திருந்த 60 ஆயிரம் டி.பி.யும் போய்விடும். உண்மையில் கிடைக்கும் இடம் 40 ஆயிரம்தான். 90 நாள் தாண்டிய பில்லுக்கு ஒரு லட்சம் வந்தால் கதை வேறு. அந்தப் பில்லுக்கு ஏற்கெனவே டி.பி. கிடையாது. அதனால் ஒரு லட்சமும் முழுசாக இடம். நம் வழக்கமோ தலைகீழ். கேட்டவுடன் கொடுக்கிறவரையே திரும்பத் திரும்பக் கேட்போம், இழுத்தடிக்கிறவரை விட்டுவிடுவோம்.

சரக்கு வாங்கும் பக்கம் பாருங்கள். கடனுக்கு ரீல் இறக்கினால் டி.பி. ஒரு ரூபாய்கூட ஏறாது, ஸ்டாக் கூடிய அளவு டீலருக்குத் தர வேண்டிய பாக்கியும் கூடிவிடும். டீலருக்கு ஒரு லட்சம் கொடுத்தால் கணக்கில் ஒரு லட்சம் ஏறும், டி.பி. 75 ஆயிரம்தான் ஏறும். இடத்தில் 25 ஆயிரம் குறையும். அதுவும் அந்த 75 ஆயிரம் அன்றைக்கே ஏறாது, அடுத்த ஸ்டேட்மெண்ட் கொடுத்த பிறகுதான் ஏறும். இடைப்பட்ட நாட்களில் முழு ஒரு லட்சமும் உங்கள் இடத்தைத் தின்றுகொண்டிருக்கும். டீலருக்குப் பெரிய தொகை கொடுப்பதை மாதக் கடைசிக்குத் தள்ளி, ஸ்டேட்மெண்டையும் சீக்கிரம் கொடுத்தால் இந்த இழுபறி குறையும்.

இதைப் பிடித்துக்கொண்டுதான் நான் வெளியே வந்தேன். 9 லட்சம் பழைய பாக்கியில் பெரும்பகுதி ஒரே வாடிக்கையாளரிடம் நின்றது. நான் சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு செய்த உற்பத்தியாளர் என்பதால், 45 நாளுக்கு மேல் இழுக்க அவருக்குச் சட்டப்படி உரிமை இல்லை. வருட முடிவுக்குள் கொடுக்காவிட்டால் அந்தச் செலவை அவர் வருமான வரியில் அந்த வருடம் கழிக்கவும் முடியாது. இதை அவர் முதலாளியிடம் சொல்லாமல் அக்கவுண்டண்டிடம் சொன்னேன். பத்து நாளில் இரண்டு தவணையாக ஏழரை லட்சம் வந்தது. எடுத்த தொகை 28.90 ஆகக் குறைந்தது. டி.பி. அதே 32.10. டீலருக்கு 2.80 லட்சம் கொடுத்த பிறகும் 40 ஆயிரம் இடம் மிஞ்சியது.

அந்த 40 ஆயிரத்தையும் நிம்மதியாக எடுக்க முடியவில்லை. சி.சி. கணக்கில் தினசரி நிலுவைக்கு வட்டி போட்டு மாதக் கடைசியில் கழிப்பார்கள். சுமார் 33 லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் ஒரு மாதத்துக்கு 28 ஆயிரம். விளிம்பு வரை எடுத்து வைத்திருந்தால் அந்த வட்டியே உங்களை டி.பி.க்கு வெளியே தள்ளிவிடும். 25-ஆம் தேதிக்கு மேல் வட்டிக்கான இடத்தை விட்டுவைத்துத்தான் நான் இப்போது செக் எழுதுகிறேன்.

4. மாதக் கடைசி நாள் சாயங்காலம் எண்ணுங்கள்

ஸ்டேட்மெண்டில் இருப்பது மாதக் கடைசி நாள் நிலவரம். 5-ஆம் தேதி நின்றுகொண்டு 30-ஆம் தேதி ஸ்டாக்கை நினைத்து எழுதினால் ஒருபோதும் சரியாக வராது.

எங்கள் ஷெட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு மெஷினை நிறுத்திவிட்டு நானும் சூப்பர்வைசரும் எண்ணுவோம். முழு ரீலில் மில் ஒட்டிய சீட்டில் எடை இருக்கும், அதை எழுதிக்கொள்ளலாம். தொல்லை பாதி ஓடிய ரீல்கள்தான். ஆரம்பத்தில் கண் மதிப்பாக ‘இது 200 கிலோ இருக்கும்’ என்று எழுதினோம். ஒருமுறை மூன்று பாதி ரீலைத் தராசில் ஏற்றியதில் 140-க்கு மேல் ஒன்றுகூட இல்லை. இப்போது மெஷினிலிருந்து இறக்கும்போதே எடை போட்டு, ரீல் மேல் சாக்பீஸால் தேதியும் கிலோவும் எழுதிவிடுகிறார்கள். பேங்க்காரர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தால் முதலில் குனிந்து பார்ப்பதும் அந்தச் சாக்பீஸ் எழுத்தைத்தான்.

விலை போடும்போது ஒரு தவறு எல்லோரும் செய்கிறார்கள். பில்லின் மொத்தத் தொகையை, ஜி.எஸ்.டி. சேர்த்து, ஸ்டாக் மதிப்பாகப் போட்டுவிடுகிறார்கள். கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம், அதனால் அது சரக்கின் விலை ஆகாது. வரி இல்லாத கொள்முதல் விலை, அதோடு லாரி வாடகை, அவ்வளவுதான். தயாரான பெட்டியையும் விற்பனை விலையில் போடாதீர்கள், அடக்க விலையில் போடுங்கள்.

5. பாக்கிப் பட்டியலில் பழைய பில்கள் உண்மையிலேயே பழையவையா என்று பாருங்கள்

ஆகஸ்ட் மாதப் பட்டியல் எடுத்தபோது ஒரு வாடிக்கையாளர் பெயரில் நாலு லட்சம் 90 நாளைத் தாண்டி நின்றது. அவர் மாதா மாதம் ஒழுங்காகக் கொடுக்கிறவர். தோண்டிப் பார்த்ததில் தப்பு எங்கள் பக்கம். வந்த பணத்தை அக்கவுண்ட் எழுதும் பெண் டேலியில் `On Account` என்று போட்டிருந்தார். பணம் எந்தப் பில்லோடும் சேராமல் ஓரமாக நின்றது, பழைய பில்கள் திறந்தே கிடந்தன. வரவை எல்லாம் `Agst Ref` என்று மாற்றி, பழைய பில்லிலிருந்து வரிசையாக நேர் செய்த பிறகு, 90 நாள் தாண்டியது என்று மிஞ்சியது 35 ஆயிரம் மட்டும்தான். வர வேண்டிய மொத்தம் அப்படியேதான் இருந்தது, வயது மட்டும் மாறியது. அதிலேயே டி.பி. இரண்டு லட்சத்துக்கு மேல் ஏறியது.

பட்டியல் எடுக்கும்போதே திரும்பி வந்த சரக்குக்குக் கிரெடிட் நோட் போட்டாகிவிட்டதா என்றும் பாருங்கள். போடாவிட்டால் வராத பணத்துக்கு டி.பி. கேட்டதாக ஆகும்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். “கொஞ்சம் கூட்டிப் போட்டுக் கொடுங்கண்ணே, எல்லாரும் அப்படித்தான் கொடுக்கிறோம்” என்று பக்கத்து ஷெட்காரர் எனக்கும் அறிவுரை சொன்னார். செய்யாதீர்கள். ஸ்டேட்மெண்டில் நீங்கள் காட்டும் விற்பனையை உங்கள் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்களான GSTR-1, GSTR-3B-யோடு ஒப்பிடுவது வங்கியில் அவர்களுக்கு ஐந்து நிமிட வேலை. சென்ற மாத ஸ்டாக்கோடு இந்த மாதக் கொள்முதலைக் கூட்டி, விற்ற சரக்கின் அடக்கத்தைக் கழித்தால் இந்த மாத ஸ்டாக் ஏறத்தாழ வந்தாக வேண்டும். 31 லட்சம் இருந்து, 14 லட்சத்துக்கு வாங்கி, 14 லட்சத்துச் சரக்கு ஓடியிருந்தால் மிச்சம் 31-ஐ ஒட்டித்தான் இருக்கும். நீங்கள் 40 என்று எழுதினால் 9 லட்சம் எங்கே முளைத்தது என்று கேட்பார்கள். மார்ச் 31 ஸ்டேட்மெண்டை ஆடிட்டான பேலன்ஸ் ஷீட்டோடு வைத்துப் பார்ப்பார்கள். கம்பெனி என்றால், வங்கிக்குக் கொடுத்த காலாண்டு ஸ்டேட்மெண்ட் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்பதை நிதி அறிக்கையிலேயே எழுத வேண்டும். பொய் ஸ்டேட்மெண்ட் கையெழுத்தோடு கோப்பில் இருக்கும், வேறு ஏதாவது தகராறு வரும்போது அதைத்தான் முதலில் எடுப்பார்கள்.

6. தேதியைத் தவறவிடாதீர்கள்

என் கடிதப்படி அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். நான் 5-ஆம் தேதி கொடுத்துவிடுகிறேன். மெயிலில் அனுப்பினால் போதும் என்று கிளையில் சொன்னாலும், கையெழுத்திட்ட பிரதியில் சீல் வாங்கி ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். கிளையில் அதிகாரி மாறும்போது ‘உங்கள் ஸ்டேட்மெண்ட் வரவே இல்லை’ என்ற பேச்சு கட்டாயம் வரும்.

கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது ரிசர்வ் வங்கி விதியிலேயே இருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் பழைய ஸ்டேட்மெண்டை வைத்துப் போட்ட டி.பி. செல்லாது, அதன் பேரில் எடுத்த பணம் முறைகேடான நிலுவை. அந்த நிலை தொடர்ந்து 90 நாள் நீடித்தால் கணக்கு வாராக்கடன். ஷெட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தாலும், வட்டி ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் இதுதான். டி.பி.யைத் தாண்டி எடுத்த நிலையிலேயே தொடர்ந்து 90 நாள் இருந்தாலும், 90 நாள் கணக்கில் வரவே இல்லாவிட்டாலும், வந்த வரவு வட்டிக்குக்கூடப் போதாவிட்டாலும் அதே முடிவு. 30 நாள் தாண்டியதுமே கணக்கை எஸ்.எம்.ஏ.-1, அதாவது சிக்கலின் அறிகுறி தெரியும் கணக்கு என்று குறித்துவிடுவார்கள். நான் மார்ச் ஸ்டேட்மெண்டை வைத்துக்கொண்டு ஜூலை வரை சும்மா இருந்தேன் என்று சொன்னேன் அல்லவா, அந்த 90 நாள் எனக்கு ஏற்கெனவே ஓட ஆரம்பித்திருந்தது.

7. இன்சூரன்ஸ் தொகையும் ஸ்டேட்மெண்டும் ஒட்டிப் போக வேண்டும்

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெங்கல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. அன்று மாதக் கடைசி நாள். மழைக்குப் பயந்து மத்தியானமே ஸ்டாக் எண்ணி முடித்து, 30 லட்சம் என்று எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினோம். மறுநாள் காலை ஷெட்டில் முழங்கால் அளவு தண்ணீர். கிராஃப்ட் ரீல் நின்ற நிலையில் அடியில் நாலு விரல் நனைந்தால் போதும், ஈரம் மேலே ஏறிக்கொண்டே போகும். வெளிச்சுற்று காய்ந்தது போல இருக்கும். நடுக்குழலுக்குள் விரலை விட்டால் பேப்பர் பிசுபிசுவென்று கையோடு வரும்.

நஷ்டம் 6 லட்சம். பாலிசியில் ஸ்டாக்குக்குப் போட்டிருந்தது 20 லட்சம், கடன் வாங்கும்போது பிரீமியத்தை மிச்சம் பிடிக்கக் குறைத்துப் போட்டது. இந்தச் சிறு தொழில் பாலிசிகளில் 15 சதவீதம் வரை குறைவாகக் காப்பீடு செய்திருந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள். என்னுடையது மூன்றில் ஒரு பங்கு குறைவு. 30 லட்சம் இருந்த இடத்தில் 20-க்குத்தான் காப்பீடு என்பதால் நஷ்டத்திலும் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 4 லட்சம் என்றுதான் சர்வேயர் கணக்குப் போட்டார். என் 30 லட்சத்துக்கு அவர் கேட்ட ஆதாரம் வங்கிக்குக் கொடுத்த முந்தைய ஸ்டேட்மெண்டுகள். அவை நிஜமாக இருந்ததால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

இப்படி ஏதாவது நடந்தால் அன்றைக்கே வங்கிக்கும் இன்சூரன்ஸுக்கும் போட்டோவோடு மெயில் அனுப்புங்கள். சர்வேயர் வரும் முன் நனைந்த ரீலை அப்புறப்படுத்தாதீர்கள். ஸ்டேட்மெண்டில் நனைந்த சரக்கைத் தனி வரியில் காட்டுங்கள். நான் நவம்பர் ஸ்டேட்மெண்டில் 24 லட்சம் நல்ல சரக்கு, 6 லட்சம் சேதம் என்று எழுதினேன். டி.பி. நாலரை லட்சம் குறைந்தது. அதே கடிதத்தில் சேதத்தைக் காட்டி மூன்று மாதத்துக்குத் தற்காலிக லிமிட் கேட்டேன், கிடைத்தது. சேதத்தை மறைத்திருந்தால் அதைக் கேட்க வாய் வந்திருக்காது. பாலிசியில் வங்கியின் பெயர் இருப்பதால் கிளெயிம் பணம் நேராக சி.சி. கணக்கில்தான் வரும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரீல்கள் இப்போது மரப் பேலட் மேல் படுத்திருக்கின்றன.

8. பத்தாவது மாதமே ரினியூவல் வேலையைத் தொடங்குங்கள்

லிமிட் பெரும்பாலும் 12 மாதத்துக்குத்தான். குறித்த தேதிக்குப் பிறகு 180 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் அதனாலும் கணக்கு வாராக்கடன் ஆகும். நிறைய நாள் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் ஆடிட்டான பேலன்ஸ் ஷீட் கையில் வரவே பல மாதம் இழுக்கும். அதுவரைக்கும் ஆடிட் ஆகாத தற்காலிகக் கணக்கைக் கொடுத்து வேலையை நகர்த்தலாம்.

கேட்பவை: மூன்று வருட நிதி அறிக்கை, வருமான வரி ரிட்டர்ன், 12 மாத GSTR-3B, அடுத்த வருட விற்பனைக் கணிப்பு, உத்யம் சான்றிதழ், நடப்பில் உள்ள இன்சூரன்ஸ் பாலிசி, சமீபத்திய ஸ்டாக் ஸ்டேட்மெண்ட். போன வருடம் இரண்டரைக் கோடி விற்பேன் என்று சொல்லிவிட்டு ஒன்றே முக்கால் கோடி விற்றிருந்தால், அந்த 20 சதவீதக் கணக்கில் லிமிட் 35 லட்சமாக இறங்கக்கூடும். குறைந்ததற்குக் காரணம் இருந்தால் ஆர்டர் காப்பிகளோடு ஒரு பக்கத்தில் எழுதி முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். அதிகாரி தன் குறிப்பில் அந்தக் காரணத்தை எழுத வேண்டியிருக்கும், உங்கள் வாக்கியம் கையில் இருந்தால் அதையே எடுத்து எழுதுவார்.